ஜெபர்சனின் 1802 கடிதத்தைத் தமிழில் பெயர்ப்பது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கடிதம் ஒன்றை முதன்முறையாகத் தமிழாக்க விரும்புவோர், நீளத்தில் சிறியதும் சிக்கலில் பெரியதுமான ஒன்றை எடுத்துக்கொள்வது நல்லது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெபர்சன் 1802 ஜனவரி 1 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் டேன்பரி பாப்டிஸ்ட் சங்கத்துக்கு எழுதிய பதில் கடிதம் அப்படிப்பட்டது. மூன்றே பத்திகள், ஐந்தே வாக்கியங்கள். ஆயினும் அரசையும் மதத்தையும் பிரித்து நிறுத்தும் சுவர் என்ற புகழ்பெற்ற உருவகம் இதில்தான் இருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1879-லும் 1947-லும் இதை மேற்கோள் காட்டித் தீர்ப்பு எழுதியிருக்கிறது. ஒரு சொல் தவறினாலும் பொருள் மாறிவிடும் என்பதால், பழைய கடிதங்களை மொழிபெயர்க்கும்போது எதிர்ப்படும் இடர்கள் அனைத்தையும் இந்த ஒன்றிலேயே பழகிக்கொள்ளலாம்.

முதல் வேலை: பாடத்தை உறுதிசெய்தல்

மொழிபெயர்ப்பைத் தொடங்குமுன் கையில் இருக்கும் ஆங்கிலப் பாடம் சரியானதா என்று பார்க்க வேண்டும். அந்தக் காலக் கடிதங்கள் கையால் எழுதப்பட்டவை. பின்னர் யாரோ படியெடுத்து அச்சிட்டவை. படியெடுத்தவரின் கண் ஒரு சொல்லில் இடறினால், அந்தப் பிழை அடுத்தடுத்த பதிப்புகளிலும் தொடரும். இந்தக் கடிதத்திலேயே அதற்குச் சான்று உண்டு. அரசாங்கத்தின் 'லெஜிடிமேட்' அதிகாரங்கள் செயல்களை மட்டுமே எட்டும் என்பது ஜெபர்சன் எழுதியது. 1879-ஆம் ஆண்டுத் தீர்ப்பு மேற்கோள் காட்டும் பாடத்திலோ அந்த இடத்தில் 'லெஜிஸ்லேட்டிவ்' என்று இருக்கிறது. முன்னது முறையான அதிகாரம். பின்னது சட்டமியற்றும் அதிகாரம். பிழையான பாடத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு கவனமாக மொழிபெயர்த்தாலும், ஜெபர்சன் சொல்லாத ஒன்றையே தமிழில் சொல்லியிருப்போம்.

ஆகவே அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வெளியிட்டுள்ள பாடத்தையோ, founders.archives.gov தளத்தில் உள்ள பாடத்தையோ எடுத்துக்கொள்ள வேண்டும். கடிதத்துக்கு ஒரு வரைவும் இருக்கிறது, அனுப்பப்பட்ட இறுதி வடிவமும் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வரைவில் அந்தச் சுவர் நிரந்தரமான பிரிப்புச் சுவர் என்று இருந்தது. அனுப்பும்போது ஜெபர்சன் அந்த அடைமொழியை நீக்கிவிட்டார். நாம் பெயர்ப்பது அனுப்பப்பட்ட கடிதத்தை. வரைவில் உள்ளதைத் தெரிவிக்க விரும்பினால் அடிக்குறிப்பில் தெரிவிக்கலாம், உள்ளே கலக்கக் கூடாது.

ஜெபர்சன் வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரும்பாலும் சிற்றெழுத்திலேயே எழுதுவார். அதனால் முற்றுப்புள்ளியைக் கவனிக்காமல் இரண்டு வாக்கியங்களை ஒன்றாக வாசித்துவிடும் வாய்ப்பு உண்டு. முதல் பத்தியிலேயே இது நேரும். எனவே வாக்கியங்கள் எங்கே முடிகின்றன என்று பென்சிலால் குறித்துக்கொண்டு அடுத்த வேலைக்குச் செல்லுங்கள்.

வந்த கடிதத்தை வாசித்தல்

பதில் கடிதம் பாதி உரையாடல்தான். டேன்பரி சங்கத்தார் 1801 அக்டோபர் 7 தேதியிட்டு ஜெபர்சனுக்கு எழுதிய கடிதத்தை வாசிக்காமல் பதிலை மொழிபெயர்த்தால், பல சொற்கள் காற்றில் நிற்கும். கனெக்டிகட்டில் அப்போது காங்கிரிகேஷனல் திருச்சபை சட்டப்படி நிறுவப்பட்ட சபையாக இருந்தது. அந்த நிலை 1818 வரை நீடித்தது. அதன் பராமரிப்புக்கு வரி செலுத்துவதிலிருந்து விலக்குப் பெற, பாப்டிஸ்டுகள் போன்ற சிறுபான்மைச் சபையினர் சான்றிதழ் கொடுக்க வேண்டியிருந்தது. தாங்கள் அனுபவிக்கும் மதச் சலுகைகள் பறிக்க முடியாத உரிமைகளாக அல்லாமல், பிறர் பார்த்துத் தரும் தயவாகவே இருக்கின்றன என்பதுதான் அவர்கள் கடிதத்தின் முறையீடு.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஜெபர்சனின் ஒவ்வொரு சொல்லுக்கும் எடை கூடுகிறது. மனிதனுக்கு இயற்கை உரிமைகளை 'ரெஸ்டோர்' செய்யும் கருத்துகள் என்று அவர் எழுதும்போது, வழங்குதல் என்று தமிழாக்கினால் அது மீண்டும் ஒரு தயவாகிவிடும். மீட்டுத் தருதல் என்றால்தான் ஏற்கெனவே அவர்களுடையது என்பது தெரியும். முறையீட்டை வாசித்தவருக்கு மட்டுமே இந்த வேறுபாடு கண்ணில் படும்.

தெரிந்ததுபோல் இருக்கும் சொற்கள்

புதியவர்கள் தெரியாத சொற்களுக்குத்தான் அகராதி பார்ப்பார்கள். பழைய கடிதத்தில் ஆபத்து அங்கே இல்லை. 'அப்ரொபேஷன்' என்ற சொல் தெரியாவிட்டால் அகராதியைத் திறப்போம், பாராட்டு, ஏற்பு என்று கண்டுகொள்வோம். 'ரெஸ்பெக்டிங்' என்ற சொல்லைப் பார்த்தால் திறக்க மாட்டோம், ஏனென்றால் அது நமக்குத் தெரியும் என்று நினைக்கிறோம். மத நிறுவலை 'ரெஸ்பெக்டிங்' சட்டம் எதுவும் இயற்றக் கூடாது என்ற வரியில் அந்தச் சொல்லுக்கு மதித்தல் என்ற பொருளே இல்லை. குறித்து, தொடர்பாக என்பதுதான் பொருள். மதத்தை மதிக்கும் சட்டம் இயற்றக் கூடாது என்று எழுதிவிட்டால், அமெரிக்க அரசியலமைப்பு மதத்தை அவமதிக்கச் சொல்வதாகத் தமிழ் வாசகர் எண்ணுவார்.

இதற்குச் செய்ய வேண்டியது எளிது, ஆனால் பொறுமை வேண்டும். கடிதத்தில் உள்ள பெயர்ச்சொல், வினைச்சொல், அடைச்சொல் அனைத்தையும், தெரிந்தவை உட்பட, அந்தக் காலத்து அகராதியில் பார்க்க வேண்டும். நோவா வெப்ஸ்டரின் 1828 அகராதி இதற்கு மிகவும் பொருத்தமானது. வெப்ஸ்டர் கனெக்டிகட்டிலேயே பிறந்தவர் என்பதால், அவர் பதிவு செய்த வழக்கு இந்தக் கடிதத்தைப் பெற்றவர்களின் வழக்குக்கு நெருங்கியது. அதற்கு முந்திய வழக்குக்கு சாமுவேல் ஜான்சனின் 1755 அகராதி உண்டு. இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

அப்படிப் பார்க்கும்போது இந்தக் கடிதத்தில் சில சொற்கள் தனித்து நிற்கும். 'சென்டிமென்ட்ஸ்' என்பது கடிதத்தில் இரண்டு முறை வருகிறது. முதல் வாக்கியத்தில் அன்பான சென்டிமென்ட்ஸ் என்னும்போது அது மனப்பாங்கு. நான்காம் வாக்கியத்தில் அது கருத்துகள், கொள்கை நிலைப்பாடுகள். தமிழ்ப் பேச்சில் சென்டிமென்ட் என்றால் உருக்கம் என்று ஆகிவிட்டதால், இரண்டாம் இடத்தில் உணர்ச்சிகள் என்று எழுதக் கை தானாகப் போகும். ஜான்சன் தரும் பொருளோ எண்ணம், கருத்து என்பதே. அதேபோல் 'சாவரின்' மரியாதை என்பதில் உள்ள அடைமொழி மிக உயர்ந்த என்று மட்டுமே பொருள்படும். பாடப்புத்தகச் சொல்லான இறையாண்மைக்கு அங்கே இடமில்லை.

தமிழில் நமக்கே உரிய சிக்கல்களும் சில உண்டு. 'ஸ்டேட்' என்பதற்கு அமெரிக்கா என்றவுடன் மாநிலம் என்று எழுதிப் பழகியிருக்கிறோம். திருச்சபைக்கும் ஸ்டேட்டுக்கும் இடையிலான சுவர் என்னும்போது அது அரசு. 'கான்ஸ்டிட்யுவென்ட்ஸ்' என்பதற்குத் தொகுதி மக்கள் என்று எழுதினால் குடியரசுத் தலைவருக்கு ஏது தொகுதி என்ற கேள்வி எழும்; தம்மைத் தேர்ந்தெடுத்த மக்கள் என்று விரித்துச் சொல்வதே சரி. 'லெஜிஸ்லேச்சர்' என்பதைச் சட்டமன்றம் என்று மட்டும் சொன்னால் நம் வாசகருக்கு மாநிலச் சட்டமன்றம் நினைவுக்கு வரும். காங்கிரஸ் என்று எழுதினால் கட்சி நினைவுக்கு வரும். இங்கே குறிக்கப்படுவது நாட்டின் சட்டமியற்றும் அவை என்பதால், நாட்டின் என்ற ஒரு சொல்லைச் சேர்த்து நாட்டின் சட்டமன்றம் என்று எழுதுவதை நான் விரும்புகிறேன்.

மிகவும் யோசிக்க வேண்டியது சுவர்தான். பிரிவினைச் சுவர் என்பது முதலில் தோன்றும் தொடர், அச்சிலும் பார்க்கலாம். ஆனால் பிரிவினை என்ற சொல் தமிழில் தீமையைக் குறிக்கும் சொல்லாகவே பெரிதும் வழங்குகிறது. அதனோடு சுவர் சேர்ந்தால், மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 2008-இல் ஒரு பகுதி இடிக்கப்பட்ட தீண்டாமைச் சுவர் போன்றவை வாசகரின் மனத்தில் எழும். ஜெபர்சன் இந்தச் சுவரை ஒரு பாதுகாப்பாகப் போற்றுகிறார். எனவே இரண்டையும் பிரித்து நிறுத்தும் சுவர் என்று வினை வடிவில் சொல்வது, உருவகத்தையும் காக்கும், தவறான வாடையையும் தவிர்க்கும்.

நீண்ட வாக்கியத்தைப் பிரித்தல்

கடிதத்தின் மூன்றாம் வாக்கியம்தான் உண்மையான சோதனை. அதைப் பிரிக்க முதலில் முதன்மை வினையைத் தேட வேண்டும். எழுவாயாகிய நான் என்பதும் அதற்குரிய வினையாகிய நோக்குகிறேன் என்பதும் வாக்கியத்தின் நடுவில் இருக்கின்றன. அதற்கு முன்னால் உங்களைப் போலவே நம்பி என்ற எச்சமும் அதன்கீழ் மூன்று கூற்றுகளும் உள்ளன. பின்னால் எந்தச் செயலை நோக்குகிறார், அது என்ன அறிவித்தது, அதனால் என்ன எழும்பியது என்று மூன்று படிகள் இறங்குகின்றன. ஒரு தாளில் இவற்றைத் தனித்தனி வரிகளாக எழுதி, எது எதைச் சார்ந்தது என்று கோடிட்டு இணைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்தில் முதன்மை வினை நடுவில் நின்று இரு புறமும் சுமையைத் தாங்குகிறது. தமிழில் முற்றுவினை கடைசியில்தான் வரும். ஆகவே முன்னும் பின்னும் இருந்த சுமை முழுவதும் அதற்கு முன்னால் குவிந்துவிடும். ஒரே வாக்கியமாகவே வைத்திருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் கிடைப்பது இப்படி இருக்கும்:

"மதம் என்பது மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையே மட்டுமே உள்ள விஷயம் என்றும், அவன் தன் நம்பிக்கைக்கோ வழிபாட்டுக்கோ வேறு யாருக்கும் கணக்குக் கடன்பட்டிருக்கவில்லை என்றும், அரசாங்கத்தின் சட்டபூர்வ அதிகாரங்கள் செயல்களை மட்டுமே சென்றடைகின்றன என்றும் உங்களோடு நம்பிக்கொண்டு, தங்கள் சட்டமன்றம் மதத்தின் ஸ்தாபனத்தை மதித்தோ அதன் இலவசப் பயிற்சியைத் தடை செய்தோ சட்டம் இயற்றக் கூடாது என அறிவித்து, இவ்வாறு சர்ச்சுக்கும் மாநிலத்துக்கும் இடையே பிரிவினைச் சுவரைக் கட்டிய முழு அமெரிக்க மக்களின் அச்செயலை நான் இறையாண்மை மிக்க பயபக்தியுடன் சிந்திக்கிறேன்."

சொற்பிழைகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், யார் நம்புகிறார் என்பதை அறிய வாசகர் இறுதிவரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. நடுவில் வரும் தங்கள் என்பது டேன்பரிக்காரர்களையா மக்களையா குறிக்கிறது என்பதும் தெளிவாக இல்லை.

எங்கே வெட்டலாம் என்பதற்கு ஒரு விதி உண்டு: கருத்து முடியும் இடத்தில் வெட்டலாம், தர்க்கம் தொடரும் இடத்தில் வெட்டினால் இணைப்புச் சொல் தர வேண்டும். மூன்று கூற்றுகளும் தனித்து நிற்கக் கூடியவை. அவற்றைக் காற்புள்ளி இட்டு அடுக்கலாம். அதன் பிறகு நம்புகிறேன் என்று முடிக்கலாம். ஆனால் அந்த நம்பிக்கைதான் அடுத்து வரும் மதிப்புக்குக் காரணம் என்பதை ஆங்கில எச்சம் சொல்லாமல் சொல்கிறது. ஆகவே வெட்டிய இடத்தில் ஆகவே என்ற சொல் வர வேண்டும். பின்பாதியில் உள்ள மூன்று படிகளைத் தமிழின் பெயரெச்சம் இயல்பாகவே தாங்கும். அதை வெட்ட வேண்டியதில்லை.

"மதம் என்பது முற்றிலும் மனிதனுக்கும் அவனுடைய இறைவனுக்கும் இடைப்பட்டது, தன் நம்பிக்கைக்கோ வழிபாட்டுக்கோ அவன் வேறு எவருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் அல்லன், அரசாங்கத்தின் முறையான அதிகாரம் செயல்களை மட்டுமே எட்டும், கருத்துகளை எட்டாது. உங்களைப் போலவே நானும் இவற்றை நம்புகிறேன். ஆகவே, 'மதம் எதையும் அரசு மதமாக நிறுவுவது குறித்தோ, மதத்தைச் சுதந்திரமாகக் கடைப்பிடிப்பதைத் தடை செய்தோ சட்டம் எதையும் இயற்றக் கூடாது' என்று நாட்டின் சட்டமன்றத்துக்கு வரையறுத்து அறிவித்ததன் மூலம், திருச்சபையையும் அரசையும் பிரித்து நிறுத்தும் ஒரு சுவரை எழுப்பிய அமெரிக்க மக்கள் அனைவரின் அந்தச் செயலை மிக உயர்ந்த மதிப்போடு நோக்குகிறேன்."

இங்கே இரண்டு முடிவுகளை விளக்க வேண்டும். நிறுவுவது குறித்து என்பதை நிறுவும் சட்டம் என்று சுருக்கினால் வாக்கியம் அழகாகும், ஆனால் தடையின் எல்லை குறுகிவிடும். மூலம் நிறுவும் சட்டத்தை மட்டுமன்றி அது தொடர்பான எல்லாச் சட்டத்தையும் விலக்குகிறது. ஆகவே அழகைக் கைவிட்டேன். ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் உள்ள பகுதி ஜெபர்சனின் சொந்த வாசகம் அல்ல. 1791-இல் நடைமுறைக்கு வந்த முதல் அரசியலமைப்புத் திருத்தத்தின் வாசகம். அவர் மேற்கோளாகக் காட்டியதைத் தமிழிலும் மேற்கோளாகவே காட்ட வேண்டும்.

அடுத்த வாக்கியத்தில் வேறொரு பொறி இருக்கிறது. மனிதனுக்கு இயற்கை உரிமைகளை மீட்டுத் தரும் கருத்துகள் வளர்வதை மனநிறைவோடு காண்பேன் என்று எழுதிவிட்டு, சமூகக் கடமைகளுக்கு எதிரான இயற்கை உரிமை எதுவும் மனிதனுக்கு இல்லை என உறுதிகொண்டு என்று ஓர் எச்சத்தைக் கடைசியில் தொங்கவிடுகிறார். உறுதிகொண்டவர் ஜெபர்சன், மனிதன் அல்ல. இதை முதலில் கவனிக்க வேண்டும். அடுத்து, இதைத் தனி வாக்கியமாக வெட்டும்போது ஆனால் என்று தொடங்கினால் அவர் உரிமைக்கு வரம்பு கட்டுவதாக ஆகும். ஏனெனில் என்று தொடங்கினால் அது காரணமாகும். மூலத்தில் இரண்டு சொல்லும் இல்லை. மூலம் திறந்து வைத்ததை மொழிபெயர்ப்பு மூடக் கூடாது என்பதால் இங்கே வெட்டாமல், பெயரெச்சமாக முன்னால் கொண்டுவருவது பாதுகாப்பானது:

"மனச்சாட்சியின் உரிமைகளுக்கு ஆதரவாக நாட்டு மக்கள் வெளிப்படுத்திய இந்த உச்ச விருப்பத்தை உறுதியாகப் பின்பற்றி நிற்கிறேன். சமூகக் கடமைகளுக்கு எதிரான இயற்கை உரிமை எதுவும் மனிதனுக்கு இல்லை என்று உறுதியாக நம்பும் நான், அவனுடைய இயற்கை உரிமைகள் அனைத்தையும் அவனுக்கு மீட்டுத் தரக்கூடிய கருத்துகள் வளர்ந்து வருவதை உண்மையான மனநிறைவோடு காண்பேன்."

மரியாதையின் அளவு

தற்காலத் தமிழ் என்றால் பேச்சுத் தமிழ் என்று கொள்ள வேண்டாம். இரு நூற்றாண்டு பழையது என்று காட்டுவதற்காக அநேக நமஸ்காரம், தேவரீர் என்று எழுதவும் வேண்டாம். இன்றைய குடியரசுத் தலைவர் ஒருவர் ஒரு சங்கத்தின் பொறுப்பாளர்களுக்கு எழுதினால் எந்த நடையில் எழுதுவாரோ அந்த நடை போதும். பெறுபவர்கள் மூவர் கொண்ட குழுவினர் என்பதால் விளிப்பு 'மதிப்பிற்குரிய ஐயன்மீர்' என்று இருக்கலாம். முன்னிலைக்கு நீங்கள் என்பதே போதிய மரியாதை. தாங்கள் என்று எழுதினால், மேலே பார்த்ததுபோல், அது படர்க்கையாகவும் வாசிக்கப்படும்.

அக்காலக் கடிதங்களில் ஒரே பொருளுள்ள சொற்கள் இரட்டையாக வரும். அவற்றை எல்லா இடத்திலும் ஒன்றாக்குவதும் தவறு, எல்லா இடத்திலும் இரண்டாக வைப்பதும் தவறு. முதல் வாக்கியத்தில் மதிப்பு என்பது ஆளைப் பற்றியது, பாராட்டு என்பது செயலைப் பற்றியது, இரண்டும் வேண்டும். இறுதி வாக்கியத்தில் வரும் மதிப்பும் மரியாதையும் என்ற இணை, எல்லாரும் கடிதத்தை முடிக்க எழுதும் வாய்பாடு, ஒன்றே போதும். அதற்கு முன் வரும் 'டெண்டர்' என்ற சொல்லையும் சமர்ப்பிக்கிறேன் என்று பெருக்க வேண்டியதில்லை.

முதல் பத்தி இப்படி அமையலாம்: "டேன்பரி பாப்டிஸ்ட் சங்கத்தின் சார்பில் நீங்கள் என்மீதுள்ள மதிப்பையும் பாராட்டையும் அன்போடு தெரிவித்திருப்பது எனக்கு மிகுந்த மனநிறைவைத் தருகிறது. என்னைத் தேர்ந்தெடுத்த மக்களின் நலனுக்காக உண்மையோடும் ஊக்கத்தோடும் உழைப்பது என் கடமை. அக்கடமையில் நான் வழுவாமல் நிற்கிறேன் என்று அவர்கள் எந்த அளவுக்கு நம்புகிறார்களோ, அந்த அளவுக்கு அதை நிறைவேற்றுவதும் எனக்கு மகிழ்ச்சியாகிறது." விகிதத்தைச் சொல்லும் ஆங்கிலத் தொடருக்கு எந்த அளவுக்கு, அந்த அளவுக்கு என்ற நம் சொந்த அமைப்பு ஆயத்தமாக இருக்கும்போது, விகிதாசாரப்படி என்று போக வேண்டியதில்லை.

இறுதி வாக்கியத்தில் கடவுளைக் குறிக்கும் சொல்லில் கவனம் தேவை. ஜெபர்சன் கிறிஸ்துவின் பெயரையோ சபை வழக்குச் சொற்களையோ பயன்படுத்தாமல், மனிதரின் பொதுத் தந்தை, படைத்தவர் என்று மட்டுமே எழுதுகிறார். பெறுபவர்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்காகக் கர்த்தர், பரமபிதா, ஜெபம் என்ற சொற்களைக் கொண்டுவந்தால், அவர் தேர்ந்துகொண்ட பொதுமை அழிந்துவிடும். "மனிதர் அனைவருக்கும் பொதுவான தந்தையும் படைத்தவருமானவர் என்னைக் காத்து ஆசி அளிக்க வேண்டுமென்று நீங்கள் அன்புடன் வேண்டியதுபோல், நானும் உங்களுக்காக வேண்டுகிறேன். உங்கள்மீதும் உங்கள் சமயச் சங்கத்தின்மீதும் நான் கொண்டுள்ள உயர்ந்த மதிப்பை ஏற்றுக்கொள்ளுங்கள்."

சரிபார்த்தல்

முடித்த மொழிபெயர்ப்பை ஒரு நாளாவது ஒதுக்கி வைத்துவிட்டு, மூலத்தைப் பார்க்காமல் உரக்க வாசியுங்கள். மூச்சு முட்டும் இடமும், இது யாருடைய செயல் என்று தயங்கும் இடமும்தான் திருத்த வேண்டியவை. பிறகு ஒவ்வொரு வினைக்கும் எழுவாயைத் தமிழில் குறித்து, மூலத்தில் உள்ள எழுவாயோடு ஒப்பிடுங்கள். நம்புபவர், அறிவித்தவர், சுவரை எழுப்பியவர், உறுதிகொண்டவர் என்ற நால்வரும் மாறாமல் இருக்க வேண்டும். கடைசியாக, அடிக்குறிப்புகளை இரண்டுக்குள் நிறுத்துங்கள்: கனெக்டிகட்டின் நிறுவப்பட்ட திருச்சபையைப் பற்றி ஒன்று, மேற்கோளாக வரும் அரசியலமைப்புத் திருத்தத்தைப் பற்றி ஒன்று. இவ்விரண்டும் தெரியாமல் கடிதம் விளங்காது. மூன்றாவதாக ஒரு குறிப்பு தேவைப்படுகிறது என்று தோன்றினால், பெரும்பாலும் அங்கே வாக்கியத்தையே மாற்றி எழுத வேண்டியிருக்கும்.